குளியல் நீர் தென்னைக்கு... முதல் துவைப்பு நீர் குழிக்கு!

கோடையில் போர்வெல் தண்ணீர் குறையும்போது செம்பட்டிப் பக்கத்துக் கொல்லைகளில் முதலில் வாடுவது வாழையும் தென்னையும்தான். குளிக்கும் தண்ணீரையும் துணி அலசும் தண்ணீரையும் இவற்றுக்குத் திருப்பலாம். ஆனால், எல்லாத் தண்ணீரையும் ஒரே பைப்பில் விடக் கூடாது. மண் கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு கிடைக்கும்?

நான்கு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 லிட்டர் வாளியில் இரண்டு வாளி என்றால் குளியல் நீர் 160 லிட்டர். வாஷிங் மெஷினில் ஒரு தடவை துவைக்க 40 லிட்டரும், இரண்டு முறை அலச 80 லிட்டரும் ஆவதாக வைப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால், அலசும் நீர் மட்டும் நாளுக்கு 40 லிட்டர். ஆக மொத்தம் 200 லிட்டர். தென்னைக்கு 80 லிட்டர், வாழைக்கு 15 லிட்டர் என்று கணக்குப் போட்டால், ஒரு தென்னையையும் எட்டு வாழைகளையும் கோடையில் காப்பாற்ற இது போதும்.

துவைத்த நீரை ஏன் ஒதுக்க வேண்டும்?

சோப்புத்தூளில் சலவை சோடா போன்ற சோடியம் உப்புகள் அதிகம். மெஷினிலிருந்து முதலில் வெளியேறும் நீரில்தான் அவற்றில் பெரும்பகுதி இருக்கும். சோடியம் சேரச் சேர மண்ணின் களித்துகள்கள் பிரிந்து, நீர் இறங்கும் சந்துகளை அடைத்துக்கொள்ளும். மணலும் ஜல்லியும் அழுக்கைத்தான் நிறுத்தும்; கரைந்த உப்பை நிறுத்தாது. அதனால் முதல் நீரை உறிஞ்சுகுழிக்கு விட்டுவிட வேண்டும். குடிநீர்க் கிணறு, போர்வெல் பக்கத்தில் இந்தக் குழி வேண்டாம்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் இது சுலபம். முதல் நீரை வெளியேற்றும்போது ஓஸைக் குழிப் பைப்பில் வையுங்கள். அலசும்போது தோட்டப் பைப்புக்கு மாற்றுங்கள். முழு ஆட்டோமேட்டிக் என்றால் முதல் நீர் வெளியேறும் வரை பக்கத்தில் இருந்து மாற்ற வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் ஓஸை அகலமான பைப்பின் வாயில் தளர்வாக மாட்டினால் போதும். இறுக்கி அடைக்காதீர்கள்.

கல்வாழைப் பாத்தி

சென்னையைச் சேர்ந்த வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே, குளியல் நீரையும் துணி துவைத்த நீரையும் கல்வாழை நட்ட பாத்தி வழியாக நிலத்துக்குள் இறக்கும் முறையைப் பரப்பியவர். கொல்லைக்கு அதையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

குளியலறைத் தரை ஜாலியிலிருந்து, கழிவறைப் பைப்போடு சேராமல் தனிப் பைப் இழுங்கள். நான்கு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வேண்டும். அது இரண்டடிச் சதுரத் தொட்டியில் விழட்டும். முடியும் சோப்புக் கசடும் அங்கே தங்கும். தொட்டி வாயில் வலை கட்டி, அடுத்து எட்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பாத்தி எடுங்கள். அடியில் தார்ப்பாய் விரித்து, ஜல்லி நிரப்பி, கல்வாழை நடுங்கள். மறுமுனையில், ஜல்லியின் மேல்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே பைப் வைத்தால், நீர் வெளியே தெரியாமல் ஓடி மரத்துக்குப் போகும். அலசும் நீர்ப் பைப்பையும், நூல் துகள் தங்கத் துணிப்பை கட்டி, இதே தொட்டியில் விடலாம்.

நீரைத் தொட்டியில் தேக்கி வைக்காதீர்கள். ஒரே நாளில் நாறிவிடும். வாரம் ஒருமுறை வலையைக் கழுவுங்கள். ஜல்லிக்கு மேல் நீர் நின்றால் அடைப்பு என்று அர்த்தம். முன்பகுதி ஜல்லியை அள்ளி அலசிப் போடுங்கள். மரத்தடியில் வட்டப்பாத்தி எடுத்து மூடாக்குப் போட்டு, அதன் அடியில் நீரை விடுங்கள். கீரை, கிழங்கு, பச்சையாகச் சாப்பிடும் காய்களுக்கு இந்த நீர் ஆகாது.

மண் கெடுகிறதா? வீட்டிலேயே பாருங்கள்

இந்த நீர் பாயும் இடத்திலிருந்தும் பாயாத இடத்திலிருந்தும் பட்டாணி அளவில் ஒவ்வொரு காய்ந்த மண்கட்டி எடுங்கள். இரண்டு டம்ளர்களில் மழைநீர் ஊற்றி, கட்டிகளைத் தனித்தனியாகப் போட்டு, ஆட்டாமல் ஒருநாள் வையுங்கள். கட்டி உதிர்ந்தால் கவலையில்லை. அதைச் சுற்றிப் பால்போல் கலங்கினால், அதுவும் பாய்ந்த மண்ணில் மட்டும் கலங்கினால், சோடியம் சேர்ந்திருக்கிறது. பாத்தியில் நீர் இறங்காமல் நிற்பதும், மேல்மண் ஓடுபோல் காய்வதும் இதே அடையாளம்தான்.

அப்போது இந்த நீரை நிறுத்திவிட்டு, பத்தடி விட்டமுள்ள தென்னைப் பாத்திக்கு ஒரு கிலோ ஜிப்சம் தூவிக் கொத்திவிட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த நீர் முழுவதையும் குழிக்கே திருப்பிவிட்டால், மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். உங்கள் போர்வெல் நீரே உப்பு என்றால், முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதித்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் நீரையும் சேர்க்கலாமா?

வேண்டாம். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஜல்லியை அடைத்துவிடும், நாற்றமும் வரும். குழந்தையின் மலத்துணி துவைத்த நீரும் தோட்டத்துக்கு ஆகாது. அதைக் கழிவறையில் ஊற்றுங்கள்.