திங்கள் மாலை தும்மல், புதன் காலை காய்ச்சல்: நடுவில் உங்கள் செல்லுக்குள் நடப்பது என்ன?

திங்கள்கிழமை மாலை 6 மணி. கூட்டமான பஸ். பக்கத்து சீட்காரர் வாயை மூடாமல் தும்முகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். செவ்வாய் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. புதன் காலை எழுந்தால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கை கால் எல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலி.

ஃப்ளூ புதன்கிழமைதான் வந்தது என்று நினைப்போம். ஆனால், அதற்குள் உங்கள் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் பல தலைமுறை கண்டிருக்கும். ஃப்ளூ மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். அந்த இடைவெளியில் என்னதான் நடக்கிறது?

கொக்கி மாட்டும் இடம்

ஃப்ளூ வைரஸ் மிக மிகச் சிறியது. ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் சுமார் 800 வைரஸ்கள் நிற்கும். அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, நகரக் கால் இல்லை. ஒரு கொழுப்பு உறை, அதன்மேல் முள் முள்ளாகப் புரதங்கள், உள்ளே எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. அவ்வளவுதான். அந்த எட்டுத் துண்டுகளையும் சேர்த்தால் சுமார் 13,500 எழுத்துகள். நம் செல்லில் இருக்கும் மரபுக் குறிப்போ சுமார் 300 கோடி எழுத்துகள்!

மூச்சுக்குழாய் செல்களின் மேல்புறத்தில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை தொங்கிக்கொண்டிருக்கும். வைரஸின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் அதில் கொக்கிபோல மாட்டிக்கொள்கிறது. எச்1 என்1 என்று படிக்கிறோமே, அதில் வரும் 'எச்' இந்தக் கொக்கிதான். 'என்' யார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கதவைத் திறப்பது நாம்தான்

வைரஸ் சுவரை உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. மேலே ஒட்டும் பொருள்களை ஒரு சிறு பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்வது செல்லின் அன்றாட வழக்கம். வைரஸையும் அப்படியே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே போன பையில் செல் அமிலத்தை ஏற்றும். வந்த பொருளைச் சிதைத்துச் செரிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால், வைரஸ் காத்திருப்பதே அந்தப் புளிப்புக்காகத்தான். பாலில் எலுமிச்சை பிழிந்தால் புரதம் உருமாறித் திரிகிறது இல்லையா? அதுபோல அமிலம் பட்டதும் ஹீமக்ளூட்டினின் உருமாறுகிறது. உள்ளே மடங்கிக்கிடந்த அதன் முனை நீண்டு, பையின் சுவரில் குத்துகிறது. வைரஸின் உறையும் பையின் சுவரும் ஒன்றாக ஒட்டிக் கலந்து, துளை விழுகிறது. எட்டு ஆர்.என்.ஏ துண்டுகளும் அந்த வழியே செல்லுக்குள் இறங்குகின்றன.

அங்கிருந்து அவை செல்லின் மையமான உட்கருவுக்குப் போய்ச் சேருகின்றன. தும்மல் பட்டு சுமார் ஒரு மணி நேரத்துக்குள் இது முடிந்துவிடும்.

முத்திரைத் திருட்டு

நம் செல்லில் புரதம் தயாரிக்கும் இயந்திரங்களுக்கு ரைபோசோம் என்று பெயர். என்ன தயாரிக்க வேண்டும் என்ற ஆர்டர் சீட்டு உட்கருவிலிருந்து வரும். சீட்டின் தலைப்பில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டை ரைபோசோம் எடுக்காது.

வைரஸிடம் முத்திரை இல்லை. தயாரிக்கவும் தெரியாது. ஆனால், படியெடுக்கும் கருவி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறது. அந்தக் கருவி நம் செல்லின் சீட்டுகளைப் பிடித்து, முத்திரையோடு சேர்த்துத் தலைப்பில் சுமார் 10 முதல் 13 எழுத்துகளை வெட்டி எடுக்கிறது. அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கித் தன் சீட்டை எழுதிக்கொள்கிறது.

பார்வைக்கு எல்லாம் செல்லின் சொந்தச் சீட்டுதான். ரைபோசோம் சந்தேகப்படாமல் வைரஸ் புரதங்களைத் தயாரித்துத் தள்ளுகிறது. தலை போன நம் சீட்டுகள் வீணாகின்றன. ஒரே திருட்டில் இரண்டு லாபம்: வைரஸின் வேலை நடக்கிறது, செல்லின் வேலை நின்றுபோகிறது.

இன்னொரு பக்கம் எட்டுத் துண்டுகளுக்கும் நகல்கள் எடுக்கப்படுகின்றன. இந்தக் கருவி பிழை பார்ப்பதில்லை. அவசரத்தில் எழுதும் நகல்களில் அங்கங்கே எழுத்து மாறிவிடுகிறது. அப்படிக் கொக்கியின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால்தான், போன வருடத்துத் தடுப்பூசி இந்த வருடம் அப்படியே பொருந்துவதில்லை.

கடைசிக் கத்தரி

புதிய புரதங்களும் ஆர்.என்.ஏ துண்டுகளும் செல்லின் ஓரத்தில் கூடுகின்றன. செல்லின் சவ்வையே உறையாகப் போர்த்திக்கொண்டு, மொட்டுபோலப் புடைத்து வெளியே வருகின்றன. இங்கே வைரஸுக்கு ஒரு சிக்கல். உள்ளே வர உதவிய அதே சர்க்கரை, வெளியே போக விடாமல் பலாப்பழப் பால்போல ஒட்டிப் பிடிக்கும்.

அதை வெட்டிவிடும் கத்தரிதான் நியூராமினிடேஸ். எச்1 என்1-ல் வரும் 'என்' இதுதான். கத்தரி வேலையை முடித்ததும் புதிய வைரஸ்கள் பக்கத்து செல்களைத் தேடிப் போகின்றன. தும்மல் பட்டதிலிருந்து முதல் குஞ்சுகள் வெளிவர ஆகும் நேரம் சுமார் 6 முதல் 8 மணி நேரம். அதாவது, திங்கள் நள்ளிரவில் நீங்கள் தூங்கும்போதே! சுரண்டப்பட்ட செல் கடைசியில் செத்துப்போகிறது.

காய்ச்சலைக் கொண்டுவருவது வைரஸ் நேரடியாக அல்ல. பாதிக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன. எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. உடம்பு சூடாவதும் வலிப்பதும் அந்தப் போரின் விளைவு.

சரி, மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

ஆன்டிபயாட்டிக்குகள் பாக்டீரியாவின் சுவரையோ, அதன் ரைபோசோமையோ தாக்குபவை. வைரஸுக்கு அவை எதுவுமே சொந்தமாகக் கிடையாது. அதனால் மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.

வைரஸ் கொண்டுவரும் சில கருவிகளைத்தான் குறிவைக்க முடியும். ஓசெல்டாமிவிர் அந்தக் கத்தரியை மழுங்கடிக்கிறது. 2018-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற பலோக்ஸாவிர், முத்திரைத் திருட்டைத் தடுக்கிறது. இரண்டுமே பரவலை நிறுத்தும், செத்த செல்லை மீட்காது. அதனால்தான் 48 மணி நேரக் கணக்கு. அதற்குள் தொடங்கினால் ஓசெல்டாமிவிர் காய்ச்சல் நாள்களில் சுமார் ஒரு நாளைக் குறைக்கும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நேரம் கடந்திருந்தாலும் இவர்களுக்கு டாக்டர் மருந்து தரக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சுக்குழாயின் உள்வரிசை செல்கள் செத்து உதிர்ந்த இடம், பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். காய்ச்சல் இறங்கி, உடம்பு தேறிவந்து, சில நாள்களில் மறுபடி காய்ச்சல் ஏறினால், கூடவே மூச்சு வாங்கினால், அது நிமோனியாவாக இருக்கலாம். அப்போதுதான் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை வரும். அதைச் சொந்தமாக முடிவு செய்யாமல், அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.