விற்கிற விளம்பரத்துக்கும் ஆயுள் உண்டு

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுத்துப் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு வீடியோ நன்றாக எடுபடுகிறது, ஆர்டர்கள் குவிகின்றன. நன்றாக ஓடுவதைத் தொடக்கூடாது என்று உரிமையாளர் அதை அப்படியே விட்டுவிடுகிறார். மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு லாபத்தை விழுங்கியிருக்கிறது. அவசரமாகப் புது வீடியோ எடுக்க ஆள் தேடுகிறார். அது கைக்கு வருவதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து நாள் நஷ்டத்திலேயே ஓடுகிறது.

விளம்பரத் துறையில் இதை 'கிரியேட்டிவ் ஃபட்டிக்' என்கிறார்கள். ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் சலித்துப்போய் அதைக் கடந்துபோகத் தொடங்கும் நிலை அது. ஹெர்பர்ட் க்ரக்மேன் என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர் 1972-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முதல் முறை பார்க்கும்போது 'இது என்ன?' என்று மனம் கேட்கும். இரண்டாம் முறை 'இதில் எனக்கு என்ன?' என்று கேட்கும். மூன்றாவது முதல் வருவதெல்லாம் ஏற்கெனவே எடுத்த முடிவின் நினைவூட்டல்தான் என்றார் அவர். வாங்குவதற்கு நேரம் பார்த்திருப்பவருக்கு நினைவூட்டல் உதவும். வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கு மேலும் பத்து முறை காட்டினாலும் பணம்தான் வீண்.

இணைய விளம்பரத்தில் இந்தச் சலிப்பு இரண்டு விதமாகப் பணத்தைத் தின்கிறது. ஒவ்வொரு முறை ஒருவர் திரையில் விளம்பரம் தோன்றும் முன்பும் மெட்டா நிறுவனத்தின் கணினிகள் ஓர் ஏலம் நடத்துகின்றன. அதில் நீங்கள் தரத் தயாராக இருக்கும் பணம் மட்டும் கணக்கில் வருவதில்லை. இந்த விளம்பரத்தைப் பார்த்து இந்த மனிதர் ஏதாவது செய்வாரா என்ற மதிப்பீடும் சேர்கிறது. பார்ப்பவர்கள் கடந்துபோகப் போக அந்த மதிப்பீடு இறங்கும். பிறகு அதே இடத்தைப் பிடிக்க முன்பைவிட அதிகப் பணம் வேண்டும். ஆக, க்ளிக் செய்பவர்கள் குறைகிறார்கள், காட்டுவதற்கான கட்டணமும் ஏறுகிறது. இரண்டும் சேர்வதால்தான் செலவு முதலில் மெல்ல நகர்ந்து, பிறகு சட்டென்று எகிறுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஈரோட்டில் மரச்செக்குக் கடலை எண்ணெய் விற்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கொள்முதல், பேக்கிங், கூரியர் எல்லாம் போக ஒரு ஆர்டருக்கு 320 ரூபாய் மிஞ்சுகிறது. விளம்பரச் செலவு அதற்குள் அடங்க வேண்டும். நாளுக்கு 3,000 வீதம் வாரத்துக்கு 21,000 ரூபாய் செலவழிக்கிறார்கள்.

முதல் வாரம், ஆயிரம் முறை காட்ட 120 ரூபாய் ஆகிறது. விளம்பரம் 1,75,000 முறை தோன்றுகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பேர் க்ளிக் செய்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் வாங்குகிறார்கள். 105 ஆர்டர், ஒன்றுக்கு 200 ரூபாய் செலவு. இரண்டாம் வாரம் க்ளிக் விகிதம் 1.4 ஆகிறது. 98 ஆர்டர், செலவு 214 ரூபாய். யாரும் கவலைப்படமாட்டார்கள். மூன்றாம் வாரம் க்ளிக் விகிதம் 1.25-க்கு இறங்க, காட்டும் கட்டணம் 125 ரூபாய் ஆகிறது. 84 ஆர்டர், செலவு 250. நான்காம் வாரம் க்ளிக் விகிதம் 1, கட்டணம் 140. ஆர்டர் 60-ஆகச் சுருங்கி, ஒன்றுக்கு 350 ரூபாய் ஆகிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு ஆர்டரிலும் 30 ரூபாய் கைநட்டம்.

மாதம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும்? 84,000 ரூபாய்க்கு 347 ஆர்டர், சராசரி 242 ரூபாய். 320-க்குள் பத்திரமாக இருப்பதாகவே அந்தச் சராசரி சொல்லும். கடைசி வாரத்தின் நஷ்டம் முதல் வாரத்தின் லாபத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால் முப்பது நாள் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் எப்போதும் தாமதமாகவே விழித்துக்கொள்கிறார்கள். ஏழு ஏழு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு விளம்பரத்தையும் அதன் சொந்த முதல் வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

மெட்டாவின் விளம்பரப் பக்கமே எச்சரிக்கை தருமே என்று கேட்கலாம். தரும். ஒரு ஆர்டருக்கான செலவு உங்கள் பழைய விளம்பரங்களைவிட ஏறினால் Creative limited என்றும், இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போனால் Creative fatigue என்றும் காட்டும். ஆனால் நம் எண்ணெய்க்காரருக்கு இரண்டு மடங்கு என்பது 400 ரூபாய். 320-ஐத் தாண்டியபோதே அவர் நஷ்டத்தில் விழுந்துவிட்டார். அந்த எச்சரிக்கைக்கு அவருடைய லாப விகிதம் தெரியாது.

செலவு என்பது கடைசியாகத் தெரியும் அறிகுறி. அதற்கு முன்பே இரண்டு எண்கள் அசையும். ஒன்று க்ளிக் விகிதம். வீடியோவானால் முதல் மூன்று விநாடியைத் தாண்டிப் பார்த்தவர்களின் பங்கு. மற்றொன்று Frequency, அதாவது ஒரு மனிதர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்ற எண். முன்னது இறங்கி, பின்னது ஏறினால் சோர்வு தொடங்கிவிட்டது என்று பொருள். Frequency இவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோருக்கும் பொருந்தும் எண் எதுவும் இல்லை. க்ளிக் விகிதம் அசையாமல் இருக்கும்வரை அது ஏறுவது மட்டும் குற்றமில்லை.

ஆர்டர் குறைந்தாலே விளம்பரம்தான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. க்ளிக் விகிதம் அப்படியே இருந்து, காட்டும் கட்டணம் மட்டும் ஏறியிருந்தால் ஏலத்தில் போட்டி கூடியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இது சாதாரணம். க்ளிக் விகிதம் குறையாமல், வந்தவர்கள் வாங்காமல் திரும்பினால் கோளாறு கடைப் பக்கத்தில் இருக்கும். விலை ஏறியிருக்கலாம், ஸ்டாக் தீர்ந்திருக்கலாம், பணம் செலுத்தும் பக்கம் திறக்காமல் இருக்கலாம். நம் கணக்கில் வந்தவர்களில் வாங்குபவர் விகிதம் நான்கு வாரமும் நான்காகவே இருந்தது. பொருளும் கடையும் சரி, விளம்பரம்தான் களைத்துவிட்டது என்று அது காட்டுகிறது. ஓரிரு நாள் சரிவைப் பார்த்துப் பதற வேண்டாம். சிறிய எண்கள் தினமும் ஆடும்.

இனி அட்டவணை. மாதம் ஒரு முறை மாற்றுவோம் என்று நாட்காட்டியை வைத்து முடிவு செய்கிறவர்கள் பலர். விளம்பரம் களைப்பது நாளால் அல்ல, எத்தனை பேர் கண்ணில் எத்தனை முறை பட்டது என்பதால். ஆகவே நிறுவனம் தன் பழைய விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை காட்டப்பட்ட பிறகு அதன் க்ளிக் விகிதம் முதல் வார அளவிலிருந்து 15 சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று விளம்பரங்களுக்கு 4 லட்சம், 5 லட்சம், 6 லட்சம் என்று வந்தால் சராசரியை எடுக்காமல் குறைந்ததை எடுங்கள். திட்டத்துக்கு 4 லட்சம்தான் பாதுகாப்பான ஆயுள். அதே அளவு மக்கள் திரளுக்குக் காட்டும்வரை இந்தக் கணக்கு செல்லும். தமிழ்நாடு முழுவதற்கும் காட்டியதை ஈரோட்டுக்கு மட்டும் சுருக்கினால் ஆயுளும் சுருங்கும்.

நாளுக்கு 25,000 முறை காட்டப்பட்டால் 4 லட்சம் என்பது 16 நாள். இங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். புது விளம்பரத்தைச் சோதிக்க ஒரு வாரம் தேவை என்றால் 9-ஆம் நாள் அது திரைக்கு வர வேண்டும். எழுத, படமெடுக்க, எடிட் செய்ய ஆறு நாள் என்றால் 3-ஆம் நாளே வேலை தொடங்க வேண்டும். அதாவது, இப்போதைய விளம்பரம் மிக நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் வாரத்திலேயே அடுத்ததற்கான வேலை நடக்க வேண்டும். பண்டிகைக்காகச் செலவை இரட்டிப்பாக்கினால் 16 நாள் ஆயுள் ஏறக்குறைய 8 நாளாகிவிடும். அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்றால் முடியாது. சீசன் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று வீடியோக்கள் கையில் இருக்க வேண்டும்.

மாற்றும் முறையிலும் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தின் படத்தையோ வாசகத்தையோ அதிலேயே திருத்தினால் மெட்டாவின் கணினி மறுபடி கற்கத் தொடங்கும். அது நிலைபெற ஏழு நாளில் சுமார் 50 ஆர்டர்கள் தேவை என்று மெட்டாவே சொல்கிறது. அதனால் பழையதைத் தொடாமல், செலவில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்கித் தனியாகப் புதியதைச் சோதியுங்கள். நம் கணக்கில் அது வாரம் 4,200 ரூபாய், சுமார் 21 ஆர்டர். ஆர்டர் எண்ணிக்கையைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இது போதாது. க்ளிக் விகிதத்தையும் கூடையில் பொருள் சேர்த்தவர்களையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதே காரணத்தால் சிறு செலவுக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆறேழு விளம்பரங்களைச் சோதிக்கக் கூடாது, இரண்டு போதும்.

எது புதிது என்பதும் முக்கியம். பின்னணி நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றினால் பார்ப்பவருக்கு அது பழைய விளம்பரம்தான். செக்கு சுற்றுவதைக் காட்டிய வீடியோ களைத்துவிட்டால், அடுத்தது ஒரு சமையற்காரர் அந்த எண்ணெயில் அதிரசம் சுடுவதாக இருக்கலாம். அதற்கடுத்தது ஐந்து லிட்டர் டின் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்ற கணக்காக இருக்கலாம். வாங்கும் காரணமும் தொடக்கக் காட்சியும் மாறினால்தான் கட்டைவிரல் நிற்கும். முற்றிலும் மாறுபட்ட விளம்பரமும் முதல் வாரத்திலேயே சரிந்தால், சிக்கல் விளம்பரத்தில் இல்லை. அந்த வட்டாரத்தில் வாங்கக்கூடியவர்களை ஏற்கெனவே எட்டிவிட்டீர்கள், அல்லது விலை அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

கடைசியாக ஒன்று. மெட்டா காட்டும் ஆர்டர் எண்ணிக்கையை நம்பி லாபக் கணக்கு போடாதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வந்தவற்றைக் கழித்து, உங்கள் சொந்த ஆர்டர் புத்தகத்தில் உள்ள எண்ணால் செலவை வகுங்கள். பிறகு இன்று ஓடும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எதிரே முதல் வார க்ளிக் விகிதத்தையும், இதுவரை எத்தனை முறை காட்டப்பட்டது என்பதையும், அடுத்த வீடியோ வேலை தொடங்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தால், வேலையை நாளைக்கே தொடங்குங்கள்.