வாங்கிய வாரமே வாடிய ரோஜா: நர்சரிக்காரருக்கு என்ன எழுதுவது?

“உங்களிடம் வாங்கிய ரோஜாச் செடி ஒரு வாரத்தில் வாடிவிட்டது, என்ன செய்யலாம்?” என்று மட்டும் எழுதினால் எந்த நர்சரிக்காரராலும் உருப்படியான பதில் தர முடியாது. தண்ணீர் மிகுந்தாலும் குறைந்தாலும் ரோஜா வாடும். வேர் அறுந்தாலும் வெயில் தாளாவிட்டாலும் வாடும். எதனால் வாடியது என்பதற்கான தடயம் கடிதத்தில் இருக்க வேண்டும். சென்னையில் மொட்டை மாடியில் செடி வளர்க்கும் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“அண்ணனுக்கு வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் மொட்டும் பூவுமாக ஓர் ஒட்டு ரோஜா வாங்கினேன். மறுநாளே கவரைக் கிழித்து, வேரைச் சுற்றியிருந்த சிவப்புக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து எடுத்துவிட்டு, 12 அங்குலத் தொட்டியில் நட்டேன். பாதி தென்னை நார்க்கழிவு, மீதி செம்மண்ணும் மாட்டெருவும். மேலே ஒரு கரண்டி டிஏபி போட்டேன். நாள் முழுக்க வெயில் படும் இடம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். புதன்கிழமை அடி இலைகள் மஞ்சளாயின. இப்போது தொட்டாலே உதிர்கின்றன, மொட்டுகள் தலை கவிழ்ந்துவிட்டன. விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாகவே இருக்கிறது. இந்தச் செடி உங்களிடம் எப்போது லோடில் வந்தது? பச்சை வலைக்குக் கீழே இருந்ததா? இதைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.”

இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வரி, மண் ஈரமாக இருக்கிறது என்பதுதான். மண் காய்ந்து செடி வாடினால் தண்ணீர் ஊற்றியதும் நிமிரும். ஈர மண்ணில் நின்றுகொண்டே வாடுகிறது என்றால், தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். அடி இலை முதலில் மஞ்சளாவதும் அதையே காட்டுகிறது. மஞ்சள் இலையில் ஓரம் கலைந்த கருவட்டங்கள் இருந்திருந்தால் கரும்புள்ளி நோய் என்று நினைக்கலாம். அவை இல்லையென்றால் மருந்துக் கடைக்குப் போகத் தேவையில்லை.

வேர் எங்கே போனது? ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்து லாரியில் வரும் ஒட்டு ரோஜாக்கள் பலவும் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. பயணத்தில் உலுங்கினாலும் வேர் கலையாமல் அந்த மண் பிடித்துக்கொள்ளும். அதைக் கரைத்தபோது, தண்ணீரை உறிஞ்சும் மயிரிழை போன்ற வேர்கள் மண்ணோடு போயிருக்கின்றன. களிமண் காற்றுப் புகவிடாது என்பது உண்மைதான். ஆனால் இலையும் பூவுமாக நிற்கிற செடியில் அதைக் கழுவுவது பெரிய ஆபத்து. உருண்டை கலையாமல் அப்படியே வைத்து, சுற்றிலும் புது மண் இட்டால் வேர் தானாக வெளியே வரும். மிச்சமிருந்த வேரையும் டிஏபியின் உப்பு சுட்டிருக்கும். நார்க்கழிவு ஈரத்தை வெகுநேரம் பிடித்து வைக்கும். அதன்மேல் இரு வேளை தண்ணீரும் சேர்ந்ததால் வேருக்குக் காற்றும் இல்லாமல் போனது.

கடைசியில் கேட்ட லோடு விவரமும் வீண் கேள்வி இல்லை. முந்தின நாள் லாரியிலிருந்து இறங்கிய செடி பயணக் களைப்போடு இருக்கும். பச்சை வலையின் நிழலில் நின்ற செடியை நேராக மாடி வெயிலில் வைத்தால், வேர் நன்றாக இருந்தாலும் சில இலைகளை உதிர்க்கும். இது நர்சரிக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். குற்றம் சாட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்.

விவரம் தெரிந்தவர் எழுதும் பதில் இப்படித்தான் இருக்கும். பயந்துபோய் மறுபடி பிடுங்கி நடாதீர்கள். மண்ணின் மேல் தெரியும் உரமணிகளைப் பொறுக்கிவிட்டு, துளிர் வந்து முற்றும்வரை எந்த உரமும் போடாதீர்கள். பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். இருக்கிற கொஞ்ச வேரால் அவற்றுக்குத் தீனி போட முடியாது. காலை வெயில் மட்டும் இரண்டு மணி நேரம் படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள்.

பிறகு தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டி, பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டிவிடலாம். ஒட்டுக் கட்டிய முடிச்சு வரை பழுப்பாகிவிட்டால் வாங்கிய ரோஜா போய்விட்டது.

பிழைத்த செடி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். அந்தத் துளிர் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பாருங்கள். முடிச்சுக்கு மேலே வந்தால் விட்டுவிடலாம். கீழே வந்தால் அது வேருக்காக ஒட்டிய காட்டு ரோஜா. எவ்வளவு செழிப்பாக வளர்ந்தாலும் கடையில் பார்த்த பூ அதில் வராது. அதைப் பிறந்த இடத்தோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும்.