மேம்பாட்டுத் தேர்வும் கல்லூரிச் சேர்க்கையும்

பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்ற மாணவர் தம் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக அதே பாடத்தை மீண்டும் எழுதுவது மேம்பாட்டுத் தேர்வு (இம்ப்ரூவ்மென்ட்) எனப்படும். தோல்வியுற்றவரும் தேர்வுக்கு வராதவரும் எழுதும் துணைத்தேர்வு இதனின்று வேறானது. மேம்பாட்டுத் தேர்வு எழுதலாமா என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. சேரவிருக்கும் படிப்பு பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கிறதா? மதிப்பெண் குறைந்தால் பழையது நிலைக்குமா? புதிய மதிப்பெண் கலந்தாய்வுக்கு முன் கைக்கு வருமா?

மதிப்பெண் குறைந்தால்

2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வுகள் ரத்தாயின. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என்ற கணக்கில் மதிப்பெண் தரப்பட்டது. அதில் நிறைவு இல்லாதவர் தேர்வு எழுதலாம். ஆனால் எழுதினால் அந்த மதிப்பெண்ணே இறுதி என்று அரசு அறிவித்தது.

சி.பி.எஸ்.இ. வாரியமும் 2021 ஜூன் 17 அன்று வெளியிட்ட கொள்கையின் 28-ஆம் பிரிவில் இதே விதியை வைத்தது. தேர்வெழுதி முன்பைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர்கள் சிலர், பழைய மதிப்பெண்ணைக் கொண்டு பெற்ற கல்லூரி இடத்தை இழக்கும் நிலைக்கு ஆளாயினர். பதினொரு மாணவர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2022 ஜனவரி 7 அன்று, நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், சி.டி. ரவிக்குமார் அமர்வு, பிந்தைய மதிப்பெண்ணே இறுதி என்ற பகுதியை நீக்கியது. இரண்டில் எதை ஏற்பது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்றது. சி.பி.எஸ்.இ.யின் வழக்கமான மேம்பாட்டுத் தேர்விலும் இரண்டில் சிறந்ததைப் பயன்படுத்தலாம். ஆயினும் வேறொரு வாரியத்தின் விதி இப்படித்தான் இருக்கும் என்று கொள்ளலாகாது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படிப்பது அவசியம்.

காலம்: ஓர் எடுத்துக்காட்டு

நீலகிரி மாவட்டம் மஞ்சூரிலிருந்து படிக்கும் ஒரு சி.பி.எஸ்.இ. மாணவர், ஜே.இ.இ. மெயின் தேர்வில் நல்ல தரவரிசை பெற்று, திருச்சி என்.ஐ.டி.யில் சேர விரும்புவதாகக் கொள்வோம். என்.ஐ.டி.க்குப் பிளஸ் டூவில் 75 விழுக்காடு (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65) வேண்டும். அல்லது தம் வாரியத்தில் முதல் 20 சதமானத்துக்குள் இருக்க வேண்டும். இம்மாணவர் 500-க்கு 362 பெற்றுள்ளார். தேவை 375, குறைவு 13. முதலில் அவர் பார்க்க வேண்டியது 20 சதமான வரம்பு. அதற்குள் வந்துவிட்டால் மறுதேர்வு தேவையில்லை.

வராவிட்டால் இரு வழிகள் உண்டு. ஜூலைத் துணைத்தேர்வில் ஒரு பாடத்தை மட்டும் மேம்படுத்தலாம். வேதியியலில் 58 என்றால் 71 எடுத்தால் போதும். ஆனால் காலம் ஒத்துவராது. 2025-இல் இத்தேர்வு ஜூலை 15 அன்று நடந்து, ஆகஸ்ட் 1 அன்று முடிவு வந்தது. என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வுச் சுற்றுகளோ ஜூலை நடுப்பகுதியிலேயே முடிந்துவிட்டன. 75 விழுக்காட்டைத் தொட்டும் அந்த ஆண்டின் ஜோசா சுற்றுகளில் இடம் கிடைக்காது. ஜே.இ.இ. மெயின் தரவரிசை அந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அதையும் மறு ஆண்டு திரும்ப எழுத வேண்டும்.

இரண்டாவது வழி, அடுத்த ஆண்டின் முதன்மைத் தேர்வு. இதில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களை எழுதலாம். முடிவும் மே மாதத்தில், கலந்தாய்வுக்கு முன் வந்துவிடும். ஆனால் இடைக்காலத்தில் உயர்கல்வியில் சேர்ந்திருக்கக் கூடாது என்பது வாரிய விதி. ஆகவே உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்துகொண்டே மேம்பாட்டுத் தேர்வும் எழுதலாம் என்ற கணக்கு தவறும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்விலும் பிளஸ் டூவை முதன்முறை எழுதிய ஆண்டே கணக்கு. மறுபடி எழுதுவதால் கூடுதல் வாய்ப்பு பிறக்காது.

மறுதேர்வு பயன்தராத இடங்கள்

மருத்துவப் படிப்பில் தரவரிசை நீட் மதிப்பெண்ணால் அமைகிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பொதுப்பிரிவினருக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு இருந்தால் போதும். 65-ஐ 85 ஆக்குவதால் தரவரிசை மாறாது. அந்த மாதங்கள் நீட் பயிற்சிக்கே உதவும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசை. கணிதம் 72, இயற்பியல் 66, வேதியியல் 70 என்றால் கணிதம் முழுதாகவும் மற்றவை பாதியாகவும் சேர்ந்து 72 + 33 + 35 = 140 கட்-ஆஃப் ஆகும். ஆனால் மாநில வாரியத்தின் துணைத்தேர்வு இந்த 140-ஐ உயர்த்துவதற்கானது அன்று. ஒரு பாடத்தில் தோல்வியுற்றவர் அதில் தேர்ச்சி பெற்றால், பொதுக் கலந்தாய்வுக்குப் பின் நடக்கும் துணைக் கலந்தாய்வில் எஞ்சிய இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.