கோர் கூடினால் கணினி வேகம் கூடுமா?

கோர் என்பது பிராசஸருக்குள் தனித்து இயங்கும் கணக்குப் பிரிவு. அது எவ்வளவு விரைவாகத் துடிக்கிறது என்பதே கிளாக் வேகம். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடி துடிப்புகள். பல பிராசஸர்களில் ஒரு கோர் இரண்டு த்ரெட்களை ஏற்கும். ஒன்று தரவுக்காகக் காத்திருக்கையில் மற்றது ஓடும். இதனால் வேகம் ஓரளவு கூடுமே தவிர, இரட்டிப்பாகாது.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடிந்தால்தான் கூடுதல் கோர்கள் கைகொடுக்கும். கல்யாண வீடியோவை எடிட் செய்து சேமிப்பது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது அப்படிப்பட்டவை. கடிதம் தட்டச்சு செய்வதும் இணையப் பக்கம் திறப்பதும் பெரும்பாலும் ஓரிரு கோர்களின் வேகத்தையே நம்பியிருக்கின்றன.

விண்டோஸில் Ctrl+Shift+Esc அழுத்தி இதை நீங்களே பார்க்கலாம். 4 கோர், 8 த்ரெட் உள்ள கணினி திணறும்போது சிபியு பயன்பாடு 12 சதவீதத்தை ஒட்டியே நின்றால், ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடுகிறது என்று ஊகிக்கலாம். அங்கே கோர்களைக் கூட்டிப் பயனில்லை. ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ள பிராசஸர்தான் தேவை. வீடியோ சேமிக்கும்போது 100 சதவீதத்தைத் தொட்டால், கூடுதல் கோருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

கிகாஹெர்ட்ஸை ஒரே தலைமுறை பிராசஸர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். புதியவை ஒரே துடிப்பில் கூடுதல் வேலையை முடிக்கும்.