தானாக நிற்காத நீர்மட்டம்

ஹீட்டரின் சூட்டைச் சற்றுக் கூட்டினால், நீரின் வெப்பம் ஏறும். வெளியே கசியும் வெப்பமும் கூடும். ஓரிடத்தில் தானாக நின்றுவிடும். தொட்டியின் நீர்மட்டம் அப்படியல்ல.

2 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டிக்கு நிமிடத்துக்கு 100 லிட்டர் வருகிறது. பம்ப் அதே அளவை வெளியேற்றுகிறது. வரத்து 110 லிட்டரானால் மட்டம் நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் ஏறும். ஒரு மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர். பம்பின் வேகத்தை மாற்றும்வரை ஏற்றம் நிற்காது.

வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று இப்போதைய பிழைக்கு ஏற்பச் செயல்படும். அதன் வலிமைதான் கெயின். மற்றொன்று இதுவரை சேர்ந்த பிழையைக் கூட்டி வைத்துச் செயல்படும். தொட்டியும் சேர்க்கிறது, கன்ட்ரோலரும் சேர்க்கிறது. கெயின் குறைவாக இருந்தால், மட்டம் சரியான இடத்துக்கு வந்த பிறகும் சேர்ந்த கணக்கு பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். மட்டம் மெதுவாக, நீண்ட அலையாக ஊசலாடும்.

அலையைக் கண்டதும் பழக்கத்தில் கெயினைக் குறைப்பார்கள். வெப்பத்துக்கு அது பெரும்பாலும் சரி. இந்த மெதுவான அலையோ இன்னும் மோசமாகும். இங்கே கெயினைக் கூட்ட வேண்டும், அல்லது பிழை சேரும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.