தலைமடை நெல்லும் கடைமடை நெல்லும்

1910-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் மெர்சர், ஹால் என்ற இருவர் ஓர் ஏக்கர் கோதுமையை விசித்திரமாக அறுத்தார்கள். வயல் முழுக்க ஒரே விதை, ஒரே உழவு, ஒரே உரம். அறுக்கும்போது மட்டும் வயலை 500 சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தானியத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தார்கள். சராசரி ஏறத்தாழ 4 பவுண்டு. ஆனால் ஒரு துண்டில் 2.73 பவுண்டுதான் கிடைத்தது; இன்னொன்றில் 5.16. எந்தத் துண்டையும் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. அத்தனை வித்தியாசமும் மண்ணுடையது.

புது உரம் ஒன்று விளைச்சலைப் பத்து சதவீதம் கூட்டுகிறதா என்று கண்டுபிடிக்க இப்படி ஒரு வயலில் இறங்குகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் தேடும் வித்தியாசத்தைவிட, மண் சும்மா இருந்தபடியே உண்டாக்கும் வித்தியாசம் பெரியது.

அந்த 500 எண்களில் இன்னொரு சேதியும் இருந்தது. நல்ல துண்டும் மோசமான துண்டும் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. நல்ல துண்டுக்குப் பக்கத்துத் துண்டும் பெரும்பாலும் நன்றாகவே விளைந்திருந்தது. நம் ஊரில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்காலிலிருந்து தண்ணீர் நுழையும் தலைமடைப் பக்கம் ஒரு மாதிரி விளையும், கடைமடைப் பக்கம் வேறு மாதிரி விளையும். அடுத்தடுத்த இரண்டு பாத்திகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். 1919-இல் ராதம்ஸ்டெட்டில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற கணிதக்காரர் இந்தச் சாதாரண உண்மையின் மேல்தான் தன் முறையைக் கட்டினார். வேளாண் கல்லூரி மாணவர்கள் இன்று ‘ஆர்.பி.டி.’ என்று சுருக்கிச் சொல்கிற அந்த முறையில், வயலை முதலில் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் குலுக்கல் போடுவார்கள்.

ஒரு நெல் வயலில் இதைச் செய்து பார்ப்போம். எண்கள், கணக்கு விளங்குவதற்காக நானே போட்டவை. நான்கு மேலுர முறைகளை ஒப்பிட வேண்டும். அவற்றை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் நான்கு முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் மொத்தம் 16 பாத்திகள். பாத்தி ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 4 மீட்டர். தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகப் போக விளைச்சல் குறைகிற வயல் அது.

16 பாத்திகளுக்கும் சேர்த்து ஒரே குலுக்கல் போட்டால் என்ன ஆகும்? ‘ஈ’ முறைக்கு மூன்று கடைமடைப் பாத்திகள் விழுந்துவிடலாம். அது நல்ல உரமாகவே இருந்தாலும் தலை நிமிராது. எனவே வயலைத் தண்ணீர் ஓட்டத்துக்குக் குறுக்காக நான்கு பட்டைகளாக வெட்டுகிறோம். தலைமடைப் பட்டை முதல் பிளாக், கடைமடைப் பட்டை நான்காவது. ஒவ்வொரு பட்டையிலும் பக்கம் பக்கமாக நான்கு பாத்திகள். பட்டைக்கு ஒன்றாக நான்கு உரமும் எல்லாப் பட்டையிலும் கட்டாயம் இருக்கும். பட்டைக்குள் எது எங்கே என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறோம், ஒவ்வொரு பட்டைக்கும் புதிதாக. (உரச் சோதனை என்பதால் ஒவ்வொரு பாத்திக்கும் தனி வரப்பும் தனி மடையும் வேண்டும். ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்ததில் வழிந்தால் உரமும் கூடவே போய்விடும். அதன்பிறகு எந்தக் கணக்கும் கைகொடுக்காது.)

அறுத்து, காயவைத்து, தூற்றி நிறுத்த எடை, கிலோவில்:

| பிளாக் | அ | ஆ | இ | ஈ | சராசரி |
|---|---|---|---|---|---|
| 1 (தலைமடை) | 11.3 | 11.1 | 11.3 | 12.3 | 11.5 |
| 2 | 9.7 | 10.7 | 10.9 | 10.7 | 10.5 |
| 3 | 8.5 | 9.5 | 10.1 | 9.9 | 9.5 |
| 4 (கடைமடை) | 8.1 | 7.9 | 8.5 | 9.5 | 8.5 |
| சராசரி | 9.4 | 9.8 | 10.2 | 10.6 | 10.0 |

பிளாக்கை மறந்துவிட்டு ‘அ’, ‘ஈ’ இரண்டின் நான்கு நான்கு எண்களை மட்டும் பாருங்கள். ‘அ’ 8.1-இலிருந்து 11.3 வரை ஓடுகிறது, ‘ஈ’ 9.5-இலிருந்து 12.3 வரை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. தலைமடையில் விளைந்த ‘அ’ கடைமடையில் விளைந்த ‘ஈ’யைக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ முந்துகிறது. எது நல்ல உரம் என்று இதிலிருந்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது பிளாக் பிளாக்காகக் கழித்துப் பாருங்கள். முதல் பிளாக்கில் ‘ஈ’ 1 கிலோ அதிகம். இரண்டாவதில் 1 கிலோ. மூன்றாவதில் 1.4, நான்காவதிலும் 1.4. எண்கள் அதேதான். ஆனால் ஒரே மண்ணில் நின்றவற்றை மட்டும் ஒன்றோடொன்று கழித்ததால், தலைமடைக்கும் கடைமடைக்கும் இருந்த மூன்று கிலோ இடைவெளி விடையில் தலைகாட்டவே இல்லை. பிளாக் செய்கிற வேலை முழுவதும் இந்தக் கழித்தலில் இருக்கிறது.

மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று ஃபிஷர் பெயரிட்ட கணக்கு இதையே 16 பாத்திகளுக்கும் சேர்த்துச் செய்கிறது. ஒவ்வொரு பாத்தியும் பொதுச் சராசரியான 10 கிலோவிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 24.8 வருகிறது. இதுதான் வயலில் இருந்த மொத்த ஏற்ற இறக்கம். இதில் உரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் பங்கு 3.2 மட்டுமே. பிளாக் என்ற ஒன்று இல்லையென்றால் மிச்சமுள்ள 21.6-க்கும் காரணம் தெரியாது. அத்தனையும் ‘பிழை’ என்ற தலைப்பில் எழுதப்படும். பிளாக் இருந்தால் அதிலிருந்து 20-ஐ எடுத்துப் பட்டைகளின் பேரில் எழுதிவிடலாம். காரணம் தெரியாமல் நிற்பது 1.6 மட்டும்.

பிழை என்பது இங்கே தவறு அல்ல, கண்ணில் விழுந்த மங்கல் போன்றது. அது பெரிதாக இருக்கும்வரை சின்ன வித்தியாசத்தை நம்ப முடியாது. இரண்டு உரங்களின் சராசரிகள் குறைந்தது எவ்வளவு விலகியிருந்தால் நம்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மாணவர்கள் அதை ‘சி.டி.’ என்பார்கள். நம் வயலில் பிளாக்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது ஏறத்தாழ 2.1 கிலோ. சேர்த்தால் 0.67 கிலோ. ‘ஈ’ ‘அ’வைவிட 1.2 கிலோ அதிகம் தந்ததே, அது முதல் கணக்கில் கண்ணுக்கே படாது. இரண்டாவதில் பளிச்சென்று தெரியும். ‘இ’க்கும் ‘ஈ’க்கும் உள்ள 0.4 கிலோ மட்டும் இரண்டிலுமே சந்தேகம்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு, சிறியது. 16 பாத்திகள் தரும் தகவலில் பிழையை அளக்க முதலில் 12 பங்கு இருந்தது. பட்டைகளின் சராசரியைக் கண்டுபிடிக்க அதில் மூன்று செலவாகி 9 ஆகிவிடுகிறது. மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சீராக உள்ள வயலில் பிளாக் போட்டால் அந்த மூன்றும் வீண், சி.டி. கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் ஓர் ஏக்கர் கோதுமை எப்படி நடந்துகொண்டது என்று பார்த்த பிறகு, சீரான வயல் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இந்த முறையை நெல் வயலில் பயன்படுத்துகிறவர்கள் அதிகம் தடுமாறுவது திசையில்தான். பட்டையைத் தண்ணீர் ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டாமல், நடக்க வசதி என்று ஓட்டத்தோடு நீளவாக்கில் வெட்டிவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் ஒரு தலைமடையும் ஒரு கடைமடையும் வந்துவிடும். நான்கு பிளாக்குகளின் சராசரியும் ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு முழுக்கப் பிளாக்குக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு பிழையை ஊதிப் பெருக்கும். அறுவடைக்குப் பிறகு கணக்குத் தாளில் இது அப்படியே தெரியும்: பிளாக்கின் பங்கு ஒன்றுமில்லாமல், பிழையின் பங்கு மட்டும் பெரிதாக நிற்கும். ஆனால் அப்போது பார்த்துப் பயனில்லை. முந்தைய போகத்தில் உரம் எதுவும் மாற்றாமல் பயிர் வைத்து, எந்தப் பக்கம் தழைத்தது, எந்தப் பக்கம் வெளுத்தது என்று வரப்பில் நடந்து பார்த்து வைப்பதுதான் வழி. அந்த வயலில் பல வருஷம் வேலை செய்தவர் ஒருவரைக் கேட்டாலும் போதும்.

இன்னொரு தடுமாற்றம், பிளாக் பெருத்துப்போவது. நான்கு உரம் என்றால் நான்கு பாத்தி. நாற்பது நெல் ரகம் என்றால் ஒரு பிளாக்கிலேயே நாற்பது பாத்தி வேண்டும். அவ்வளவு நீளப் பட்டையின் இரு முனைகளும் ஒரே மண்ணாக இருக்காது. ராதம்ஸ்டெட்டில் ஃபிஷருக்குப் பின் வந்த ஃபிராங்க் யேட்ஸ், எல்லா ரகமும் எல்லா பிளாக்கிலும் இல்லாமல், சில சிலவாகப் பங்கிட்டு வைக்கும் அமைப்புகளை 1936-இல் உருவாக்கியது இதனால்தான்.

பிளாக்கைத்தான் கவனமாக வெட்டிவிட்டோமே, உள்ளே எதற்குச் சீட்டு, அ-ஆ-இ-ஈ என்று வரிசையாகவே வைத்தால் என்ன? இதே கேள்வியோடு கின்னஸ் மதுபான நிறுவனத்தில் வேலை பார்த்த கோசெட், ஃபிஷரோடு 1930-களில் விடாமல் வாதம் செய்தார். ‘ஸ்டூடென்ட்’ என்ற புனைபெயரில் எழுதியவர் இவர்தான். ஒழுங்கான வரிசை மண்ணை இன்னும் நன்றாகச் சமன் செய்யும் என்பது அவர் கட்சி. ஃபிஷர் ஒப்பவில்லை. வரிசையாக வைத்தால் ‘அ’ எப்போதும் ஒரே ஓர வரப்பை ஒட்டி வரும். அங்கே நிழல் விழுந்தால் நான்கு பிளாக்கிலும் அடி ‘அ’வுக்குத்தான். அதைவிட முக்கியம், குலுக்காத இடத்தில் அந்தப் பிழைக் கணக்குக்கும் சி.டி.க்கும் அடிப்படையே கிடையாது என்றார். கோசெட்டின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வயல்களில் நிலைத்தது ஃபிஷரின் சீட்டுதான்.

பிளாக் மண்ணாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. நாளும் பிளாக் ஆகலாம், ஆளும் ஆகலாம். அனுபவமுள்ளவர்கள் ஆய்வுத் திடலில் அறுவடை செய்வதைப் பார்த்தால் இது புரியும். 16 பாத்தியையும் ஒரே நாளில் முடிக்க ஆள் போதாது என்றால் முதலில் எல்லா ‘அ’வையும் அறுத்துவிட்டு ‘ஆ’வுக்குப் போக மாட்டார்கள், இரவு மழை பெய்தால், நனைந்த ‘ஈ’க்கும் நனையாத ‘அ’வுக்கும் உள்ள வித்தியாசம் உரத்தின் பேரில் ஏறிவிடும். ஒரு பிளாக்கை முழுதாக அறுத்து முடித்த பிறகே அடுத்த பிளாக்கில் கை வைப்பார்கள். கதிர்களை எண்ண இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு பிளாக். ஒருவர் தாராளமாக எண்ணுவார், மற்றவர் கறாராக எண்ணுவார். அந்த வித்தியாசமும் தலைமடை, கடைமடை வித்தியாசத்தோடு சேர்ந்தே கழிந்துபோகும். பாதி பிளாக்கில் மழை தூறத் தொடங்கினால், அந்தப் பிளாக்கில் மிச்சமிருக்கும் இரண்டு பாத்தியையும் நனைந்தபடியே அறுத்து முடித்துவிட்டுத்தான் கரையேறுவார்கள்.